"போயிட்டு வா"ன்னு அவனே சொல்றான்

வணக்கம் மேடம். என் பையனுக்கு நாலு வயசு, எல்கேஜி. ஸ்கூல் கிளம்பறப்ப அவனே "போயிட்டு வா"ன்னு எங்களுக்கு சொல்லிட்டு போறான். தாத்தா "நல்லா இருக்கியாடா"ன்னா அவனும் "நல்லா இருக்கியாடா"ங்கறான். கிளாஸ்ல "குட் மார்னிங் சில்ட்ரன்"னு மிஸ் சொன்னா இவனும் சில்ட்ரன்னே சொல்றானாம். வீட்டுக்கு யாராவது வந்தா என் பின்னாடி ஒளிஞ்சுக்கறான். எப்படி சொல்லிக் குடுக்கறது?
ஒரு அம்மா, மதுரை

அன்புள்ள அம்மாவுக்கு,

பையன் காதுல விழுந்ததை அப்படியே சரியா சொல்றான், அதான் நடக்குது. நம்ம வழக்கத்துல கிளம்பறவங்க "போயிட்டு வரேன்"னு சொல்வாங்க, வீட்ல இருக்கறவங்க "போயிட்டு வா"ம்பாங்க, ரெண்டு பேருக்கும் வேற வேற வரி. தினமும் காலைல அவன் கேக்கறது உங்க வரி மட்டும்தான், அவனோட வரியை அவனுக்கு யாருமே சொல்லிக் காட்டலை. தாத்தா கேக்கறதும் மிஸ் சொல்றதும் இதே கதைதான்.

நாம செய்யற இன்னொரு தப்பு, "தாத்தாவுக்கு வணக்கம் சொல்லு"ங்கறது. சின்னக் குழந்தை "வணக்கம் சொல்லு"ன்னே திருப்பிச் சொல்லும், பாத்திருப்பீங்க. "நல்லா இருக்கேன்னு சொல்லு"ன்னா அந்த "ன்னு சொல்லு"வை கழட்டிட்டு மிச்சத்தை எடுக்கணும், அது அந்த வயசுக்கு பெரிய வேலை. அதனால "சொல்லு"ங்கற வார்த்தையையே விட்டுடுங்க.

என் தங்கச்சி பொண்ணுக்கும் மூணரை வயசுல இதே பழக்கம்தான், அப்ப நாங்க பண்ணினதை சொல்றேன். ரெண்டு பெரியவங்க வேணும். அவ அப்பா வாசல்ல நின்னு "போயிட்டு வா தங்கம்"பாரு, என் தங்கச்சி குழந்தைக்குப் பின்னாடி அதே உயரத்துக்கு குத்துக்கால் போட்டு உக்காந்து காதுல "போயிட்டு வரேன் பா"ன்னு குழந்தை சொல்ற மாதிரியே சொல்லுவா, வேற ஒரு வார்த்தை கிடையாது. அப்பறம் மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணிட்டு காத்திருப்பா. குழந்தை சொன்னாலும் சொல்லலைன்னாலும் கிளம்பிடணும், வாசல்ல நிக்க வெச்சு வம்பு பண்ணக்கூடாது. கொஞ்ச நாள்ல "போயி..."ன்னு மட்டும் எடுத்துக் குடுத்தா மிச்சத்தை அவளே முடிச்சா. அதுக்கப்பறம் ஆளை மாத்தினோம், அப்பா ஆபீஸ் கிளம்பறப்ப அவ வாசல்ல நின்னு "போயிட்டு வாங்க"ன்னு அனுப்பணும். ரெண்டு பக்கமும் நின்னு பாத்த பிறகுதான் யாரு எதை சொல்றதுன்னு அவளுக்குப் பிடிபட்டுது. ஒரு ஜோடி நல்லா வந்த பிறகு அடுத்ததை எடுங்க, எல்லாத்தையும் ஒரே வாரத்துல திணிச்சா எல்லாம் கலங்கிடும்.

ஸ்கூலுக்கும் இதே வழிதான். மிஸ் எந்த ராகத்துல இழுத்து சொல்றாங்கன்னு கேட்டு வெச்சுக்கிட்டு சாயங்காலம் நீங்க மிஸ்ஸா இருங்க, வீட்ல இன்னொருத்தர் அவன் பக்கத்துல ஸ்டூடண்டா உக்காந்து "குட் மார்னிங் மிஸ்"னு சொல்லட்டும், அப்பறம் அவனை மிஸ்ஸா விடுங்க, பொம்மைங்களைப் பாத்து "சில்ட்ரன்"னு சொல்ல அங்கதான் அவனுக்கு இடம்.

வா, வாங்க விஷயமும் இருக்கு. எங்க கோயம்புத்தூர் பக்கம் குழந்தையையே "வாங்க கண்ணு"ன்னு கூப்பிடறதால "ங்க" அதுங்களுக்கு தானா ஒட்டிக்கும். உங்க வீட்ல அவனை "வாடா"ன்னா அவன் தாத்தாவையும் வான்னுதான் கூப்பிடுவான், அது மரியாதைக் குறைவு இல்ல. திட்டாம "தாத்தா வாங்க"ன்னு நீங்க அவன் காதுபட அடிக்கடி சொல்லுங்க.

ஒளிஞ்சுக்கறதுக்கு, வந்தவங்க முன்னாடி கட்டாயப்படுத்தாதீங்க. நீங்களே "வாங்க, உக்காருங்க"ன்னுட்டு அவன் கையில ஒரு வேலை குடுங்க, தண்ணி டம்ளரை கொண்டு போய் குடுக்கறது மாதிரி. குடுக்கறப்ப "இந்தாங்க" தானா வரும். 1980ல அமெரிக்காவுல எஸ்தர் கிரைஃப், ஜீன் பெர்க்கோ கிளீசன்னு ரெண்டு பேரு குழந்தைங்களுக்கு ஒரு பரிசு குடுத்துப் பாத்தாங்க, ஹாய், தேங்க்ஸ், பை இந்த மூணுல தானா ரொம்பக் கம்மியா வந்தது தேங்க்ஸ்தான், பெத்தவங்க எடுத்துக் குடுத்த பிறகுதான் நிறைய பேரு சொன்னாங்க. அதனால உங்க பையன் மட்டும் இப்படின்னு நினைக்காதீங்க.

ஒண்ணு மட்டும் கவனிங்க. இந்த வணக்க வார்த்தைகள்ல மட்டும் மாத்தி சொல்றானா, இல்ல எல்லாத்துலயுமா? தண்ணி வேணும்னா "தண்ணி வேணுமா"ன்னு கேக்கறான், "உன் பேரு என்ன"ன்னா பதில் சொல்லாம கேள்வியையே திருப்பறான், கூப்பிட்டா திரும்பிப் பாக்கறதில்லைன்னா நாலு வயசுல அதை விடக்கூடாது, குழந்தை டாக்டர்கிட்ட காட்டி காது டெஸ்ட்டும் ஸ்பீச் தெரபிஸ்ட்டையும் பாத்துடுங்க. உங்க கடிதத்துல அப்படி எதுவும் இல்ல. நாளைக்கு காலைல வாசல்ல யாரு நிக்கறது, அவன் பின்னாடி யாரு உக்காரறதுன்னு இன்னிக்கு ராத்திரியே வீட்டுக்காரர்கிட்ட பேசி வெச்சுக்கோங்க.