மகளின் கட்டணம் மச்சான் மகன் கணக்கில்: இரண்டாவது முறை கட்டாதீர்கள்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இரண்டாம் பருவக் கட்டணம் 18,500 ரூபாயைப் பள்ளியின் ஆன்லைன் பக்கத்தில் கட்டினேன். ரசீது, அதே பள்ளியில் படிக்கும் மச்சான் மகன் பெயரில் வந்துவிட்டது. போன பருவத்தில் அவனுக்கும் என் போனிலிருந்துதான் கட்டினேன். ஆபீஸில் கடிதம் கேட்கிறார்கள். மச்சானோ, "இருக்கட்டும் மாமா, மாங்கா சீசன்ல தந்துடறேன்" என்கிறார். மனைவியின் நகையை அடகு வைத்து மகளுக்குக் கட்டிவிடவா? தவணையில் கட்ட ஒரு ஆப்பும் இருக்கிறதாம்.

பதில்: நகையை வீட்டிலேயே வைத்திருங்கள். பணம் தொலையவில்லை, பள்ளியின் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு மாணவரின் பேரேட்டிலிருந்து இன்னொருவர் பேரேட்டுக்கு அதை மாற்றி எழுத வேண்டும், அவ்வளவுதான். வங்கியில் புகார் கொடுத்தும் பயனில்லை. பணம் நீங்கள் அனுப்பிய கணக்குக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது, அவர்கள் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

கடிதத்தில் பலர் செய்யும் தவறு, "பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று கேட்பது. ரீஃபண்ட் என்றால் நிர்வாகத்தின் அனுமதி, காசோலை என்று வாரக்கணக்கில் இழுக்கும். நீங்கள் கேட்க வேண்டியது மாற்றுப் பதிவு. இப்படி எழுதலாம்:

"நான் இந்தத் தேதியில் யூபிஐ மூலம் செலுத்திய ரூ.18,500, சேர்க்கை எண் தவறியதால் இன்னொரு மாணவரின் கணக்கில் வரவாகியுள்ளது. அந்த ரசீதை ரத்து செய்து, தொகையை என் மகளின் இரண்டாம் பருவக் கட்டணத்தில் வரவு வைத்து, பணம் செலுத்திய அதே தேதியைக் குறிப்பிட்டுப் புதிய ரசீது வழங்க வேண்டுகிறேன். பணம் உரிய நாளிலேயே செலுத்தப்பட்டதால் தாமதக் கட்டணம் விதிக்க வேண்டாம்."

கீழே ரசீது எண், பரிவர்த்தனையின் யூ.டி.ஆர். எண், இரண்டு பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பிரிவு, சேர்க்கை எண் எல்லாம் இருக்கட்டும். வங்கி ஸ்டேட்மென்டில் அந்த ஒரு வரி வரும் பக்கத்தையும் ரசீதின் நகலையும் இணையுங்கள். அதே தாளில், "இத்தொகை என் மகனுக்காகச் செலுத்தப்பட்டதல்ல, மாற்ற எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று மச்சானிடம் கையெழுத்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஆபீஸ் தயங்கும். தயங்குவது நியாயமும்கூட, நாளைக்கு அவர் வந்து சண்டை போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் கிளார்க்தான்.

கடிதத்தின் இன்னொரு பிரதியில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரசீதில் பெயரை அடித்துப் பேனாவால் திருத்திக் கொடுத்தால் வாங்காதீர்கள், கணினியில் பதிவு மாறியிருக்காது. மகளின் பாக்கி பூஜ்யமாகவும், பையனின் பேரில் பாக்கி திரும்பவும் தெரிந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். மகளின் பாக்கி குறைந்தும் பையனுக்குப் பாக்கி வராமல் இருந்தால், ஒரே தொகையை இரண்டு இடத்தில் வரவு வைத்திருக்கிறார்கள். ஆண்டு இறுதி ஆடிட்டில் அது மறுபடி உங்களிடமே வரும்.

இனி மச்சான் விஷயம். உங்கள் பணத்தைக் கரைப்பது ரசீதுப் பிழையல்ல, அவர் பிள்ளைக்கு உங்கள் போனிலிருந்து கட்டும் பழக்கம். போன பருவத்தில் கட்டியது திரும்பி வந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை. வரவில்லை, அதுவும் இதே அளவு என்றால் 37,000 ரூபாய் அவரிடம் நிற்கிறது. ரசீதை அப்படியே விட்டால் இது எழுத்தில்லாத கடன். நகைக் கடனுக்கு மாதம் ஒரு சதவீதம் என்று வைத்தால் 18,500-க்கு 185 ரூபாய், மே மாதம் வரை ஆறு மாதத்துக்கு 1,110. மாமரத்தில் பூ கொட்டிப்போனால் அடுத்த சீசன் வரை இது நீளும். அந்த வட்டியை அவர் தரப்போவதில்லை, நீங்களும் கேட்கப்போவதில்லை.

"வட்டியில்லாத் தவணை" ஆப் வேண்டவே வேண்டாம். பிராசசிங் கட்டணம் இரண்டு சதவீதம் என்றாலே 370, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 437 ரூபாய். ஒரு தவணை தவறினால் அபராதத்தோடு உங்கள் சிபில் பதிவிலும் கறை விழும். ஏற்கெனவே கட்டிவிட்ட கட்டணத்துக்குக் கடன் எதற்கு?

இன்னொன்று. நீங்கள் பழைய வருமான வரி முறையில் இருந்தால், இரண்டு பிள்ளைகள் வரை கட்டிய டியூஷன் கட்டணத்துக்கு 80சி கழிவு உண்டு. ஆனால் அது சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும். மச்சான் மகன் பெயரில் உள்ள ரசீதை உங்கள் கம்பெனி ஏற்காது. புதிய முறையில் இந்தக் கழிவே கிடையாது.

அடுத்த பருவத்துக்குள் பள்ளியின் பக்கத்தில் சேமித்து வைத்திருக்கும் பையனின் சேர்க்கை எண்ணை நீக்கிவிடுங்கள். மச்சானுக்கு உதவ மனமிருந்தால், முடிந்த தொகையை அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். பள்ளிக்கு அவரே கட்டட்டும்.