மூக்குக் கண்ணாடியில் விழுந்த வெளிச்சம்: குளோன் முதலில், ஹீலிங் பிறகு

கேள்வி: கோபி பக்கம் ஸ்டுடியோ வெச்சிருக்கேனுங்க. அறுபதாங் கல்யாணத்துல எடுத்த ஒரு பெரியவர் படம், 12×18 லேமினேஷனுக்குப் போகணும். படத்துல வலப்பக்கக் கண்ணாடியில பச்சையா ஒரு மூட்டம். இடப்பக்கம் சாஃப்ட்பாக்ஸ் வெள்ளையா விழுந்து பாதிக் கண்ணே தெரியலீங்க. போட்டோஷாப்ல ஹீலிங் பிரஷ் போட்டா பிரேமோட கருப்பு உள்ள இழுத்துட்டு வருதுங்க. எப்படிச் சரி பண்றதுங்க?

பதில்: கருப்பு இழுத்துக்கொண்டு வருவது அந்தக் கருவியின் இயல்பு. ஹீலிங் பிரஷ், நீங்கள் Alt அழுத்தி எடுத்த இடத்திலிருந்து தோலின் இழையை மட்டும்தான் கொண்டுவரும். நிறத்தையும் வெளிச்சத்தையும், தீட்டும் இடத்தைச் சுற்றியிருப்பதைப் பார்த்து அமைத்துக்கொள்ளும். பக்கத்தில் பிரேம் இருந்தால் கருப்பு கசியும். வெள்ளை விழுந்த இடத்தின் நடுவில் தீட்டினால் அதே வெள்ளை திரும்பி வரும். குளோன் ஸ்டாம்ப் அப்படியல்ல, எடுத்ததை எடுத்தபடியே வைக்கும். அதனால் வெளிச்சத்தைக் குறைப்பது குளோனின் வேலை, தடம் தெரியாமல் இழைப்பது ஹீலிங்கின் வேலை.

பச்சை மூட்டம் விழுந்த கண்ணிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பச்சை, லென்ஸின் ஆன்டி ரிஃப்ளெக்ஷன் பூச்சில் மிஞ்சும் நிறம். அதன் அடியில் கண் அப்படியே இருக்கிறது, எனவே புதிதாக எதையும் வரையத் தேவையில்லை. காலி லேயர் ஒன்று போட்டு, லேயர் பேனலில் அந்த லேயரின் Mode-ஐ Darken என்று மாற்றுங்கள். குளோன் ஸ்டாம்பில் Sample-ஐ Current & Below என்றும், Mode-ஐ Normal என்றும், Opacity-யை 25% அளவிலும் வையுங்கள். Darken, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் குறைந்த மதிப்பையே எடுக்கும். கூடுதலாக ஏறிய பச்சை இறங்கும். ஏற்கெனவே இருண்டிருக்கும் இமைமுடி கெடாது. இமைத் தோலுக்கு இமைத் தோலிலிருந்தும், விழியின் வெள்ளைக்கு வெள்ளையிலிருந்தும் எடுங்கள். முடிந்தவரை அதே லென்ஸுக்குள்ளிருந்தே எடுப்பது நல்லது. கண்ணாடிக்கு வெளியே உள்ள கன்னம் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும். அதை உள்ளே வைத்தால் ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை மெல்லத் தீட்டினால் போதும்.

அடுத்தது வெள்ளை விழுந்த கண். Info பேனலைத் திறந்து மவுஸை அங்கே வையுங்கள். மூன்று எண்களும் 255 என்றால் அந்த இடத்தில் மீட்க ஒன்றுமே இல்லை; Darken-ஐ விட்டுவிட்டு வேறிடத்திலிருந்து கண்ணைக் கொண்டுவர வேண்டும். அதே வரிசையில், தலை லேசாகத் திரும்பி அந்த வெளிச்சம் வேறிடத்தில் விழுந்த ஷாட் இருந்தால் அதிலிருந்து எடுப்பதே சிறந்தது. இல்லையென்றால், இப்போது சுத்தம் செய்த கண்தான் மூலம்.

Window பட்டியலில் Clone Source பேனலைத் திறந்து, கிடைவாக்கில் திருப்பும் பொத்தானை அழுத்தி, Show Overlay-யையும் இயக்குங்கள். மேலே இன்னொரு காலி லேயர் போட்டு, குளோனை Normal, 100%-க்கு மாற்றி Aligned-ஐ இயக்குங்கள். நல்ல கண்ணின் மூக்கோர முனையில் Alt கிளிக் செய்து, கெட்ட கண்ணின் அதே முனையில் தீட்டத் தொடங்குங்கள். தலை சாய்ந்திருந்தால் பேனலின் கோண எண்ணை மாற்றி, மிச்சம் தெரியும் கீழிமையோடு ஓவர்லே சேர்கிறதா என்று பார்த்த பிறகே தீட்ட வேண்டும். மறைந்த பகுதியை மட்டும் நிரப்புங்கள். தெரிகிற பகுதி அவருடைய சொந்தக் கண், அதைத் தொடக் கூடாது.

இங்கே பலரும் கோட்டைவிடுவது விழியிலுள்ள ஒளிப்புள்ளியில்தான். திருப்பி வைத்ததும் பத்து மணி திசையில் இருந்த புள்ளி இரண்டு மணிக்குப் போய்விடும். ஆளே வேறு மாதிரித் தெரிவார். அதைக் கருவிழியின் நிறத்தால் குளோன் செய்து மூடிவிட்டு, திருப்பலை அணைத்து, மற்றக் கண்ணின் புள்ளியை அதே பத்து மணி இடத்தில் வையுங்கள். பெரியவர் கேமராவை நேராகப் பார்த்திருந்தால்தான் இந்த வழி சரிப்படும். பக்கவாட்டில் பார்த்திருந்தால் திருப்பிய கண் மாறுகண்ணாகிவிடும்.

கடைசியில்தான் ஹீலிங். அதை மேல் லேயரிலேயே, Sample-ஐ Current & Below என்று வைத்துச் செய்யுங்கள். பிரேமின் உள் ஓரத்தை ஒட்டி, ஆனால் பிரேமைத் தொடாமல், லென்ஸை லாஸோவால் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஓரம் அரை பிக்ஸல் மட்டும் மென்மையாக இருக்கட்டும். தேர்வு இருக்கும்போது வெளியிலுள்ள கருப்பு உள்ளே கசியாது. உங்கள் சிக்கல் இங்கேதான் தீரும். குளோன் போட்ட ஓரங்களில் மட்டும் சின்ன பிரஷால் இழையுங்கள். இமைமுடி, விழி ஓரம் போன்ற கூர்மையான கோடுகளில் ஹீலிங் வேண்டாம், மங்கிவிடும்.

கிட்டப்பார்வைக் கண்ணாடி என்றால் லென்ஸுக்குள் கன்னத்தின் விளிம்பு சற்று உள்ளே தள்ளித் தெரியும். அது லென்ஸின் வேலை, வெளிக்கோட்டோடு சேர்த்துவிடாதீர்கள். பச்சையைக் குறைத்த லேயரின் Opacity-யை 85% அளவுக்கு இறக்கினால் மெல்லிய பளபளப்பு மிஞ்சும். முழுக்கத் துடைத்தால் கண்ணாடியே இல்லாத வெறும் பிரேம் போலாகிவிடும். வெள்ளை விழுந்த பக்கத்தில் இப்படி இறக்காதீர்கள், அடியிலுள்ள வெள்ளை மீண்டும் எட்டிப்பார்க்கும். அச்சுக்கு அனுப்பும் முன் 100% அளவில் இரண்டு கண்களையும் சேர்த்து ஒருமுறை பாருங்கள்.