குடும்பத்துக்கும் கொடுக்கணும், தானமும் நிற்கக் கூடாது: முதலீட்டை உடைக்காமல் எப்படி?

கேள்வி: கைக்கு வரும் சம்பளத்தில் கால் பங்கை ஓய்வுக்காலத்துக்காக முதலீடு செய்கிறேன். பெற்றோருக்கு 12 சதவீதம் அனுப்புகிறேன், இரண்டு அமைப்புகளுக்கு 5 சதவீதம் மாதாமாதம் போகிறது. ஆனால் தம்பி படிப்பு, அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் முதலீட்டைத்தான் உடைக்கிறேன். ஓய்வு பெற இன்னும் 20 வருஷம் இருக்கிறது. தானத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், குறைந்தபட்சம் இப்போதைக்கு. உங்கள் திட்டத்தில் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடலாம்.

முதலீட்டுக் கணக்கின் கடைசி 3 வருஷ அறிக்கையை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். போட்ட பணம் மொத்தம் எவ்வளவு, எடுத்த பணம் மொத்தம் எவ்வளவு என்று இரண்டே எண்கள் போதும். லாப நஷ்டத்தையெல்லாம் இப்போது பார்க்க வேண்டாம். உங்கள் சொந்த எண்கள் என்னிடம் இல்லை, அதனால் கணக்கு சுலபமாக இருக்க மாதச் சம்பளத்தை 100 என்று வைத்து ஒரு உதாரணம் போடுகிறேன். மாதம் 25 வீதம் 36 மாதத்தில் போட்டது 900. அதே 36 மாதத்தில் தம்பியின் படிப்புக் கட்டணத்துக்கு 96, அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்கு 48, பெற்றோர் வீட்டுக் கூரையைச் சரிசெய்ய 42, சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு 30, ஆக 216 வெளியே போயிருக்கிறது என்று வைப்போம். மிச்சம் 684. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 19. அதாவது நீங்கள் மனதில் 25 போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாலும் உண்மையில் போடுவது 19தான், திட்டம் முழுக்க அந்த இல்லாத 6-ஐ நம்பி நிற்கிறது.

அந்த 6 எவ்வளவு பெரிசு என்றால், சம்பளமும் முதலீட்டுத் தொகையும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும், முதலீடு விலைவாசிக்கு மேல் வருஷம் 4 சதவீதம் வளரும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மாதம் 25 என்பது 20 வருஷத்தில் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 9,170 ஆகும். மாதம் 19 என்றால் 6,970தான். உங்கள் சொந்தச் செலவு இப்போது மாதம் 58 (100-இல் மற்றதெல்லாம் போக மீதி) என்பதால் முதல் தொகை சுமார் 13 வருஷச் செலவுக்கு வரும், இரண்டாவது 10 வருஷத்துக்கு. ஓய்வுக்குப் பிறகு அந்தப் பணம் வளர்வதை இதில் சேர்க்கவில்லை. 4 சதவீதம் என்பது என் அனுமானம், சந்தை அதற்குக் கட்டுப்படாது, ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள இது போதும்.

இன்னொரு பாதிப்பும் உண்டு, அது இந்தக் கணக்கில் தெரியாது. குடும்பத்தில் தேவை வரும் நேரம் சந்தை இறங்கியிருக்கும் நேரமாகவும் இருந்துவிடலாம். பங்கு சார்ந்த முதலீடு 30 சதவீதம் இறங்கியிருக்கும்போது 60 எடுத்தால், முன்பு 86 மதிப்பில் இருந்த யூனிட்டுகளை விற்கிறீர்கள் என்று அர்த்தம். சந்தை பழைய இடத்துக்குத் திரும்பும்போது உங்களிடம் 60 குறையாது, 86 குறையும். 20 வருஷத்துக்கான பணமும் அடுத்த வருஷம் தேவைப்படக்கூடிய பணமும் ஒரே கணக்கில் கிடப்பதால் வருகிற வினை இது.

சரி, என்ன செய்யலாம்? அந்த 216-ஐயே மறுபடி பாருங்கள். அதில் எதிர்பாராதது எவ்வளவு? தம்பியின் கட்டணம் எப்போது கட்ட வேண்டும் என்று ஒரு வருஷம் முன்பே தெரியும். கண் அறுவை சிகிச்சையும் பெரும்பாலும் டாக்டர் சொல்லிச் சில மாதம் கழித்து நடப்பதுதான். கல்யாணமும் அப்படியே. எது, எப்போது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல முடியாமல் இருக்கலாம், ஆனால் 3 வருஷத்தில் ஏதோ ஒன்று வந்தே தீரும், அதன் சராசரி மாதம் 6 என்று உங்கள் கணக்கே சொல்கிறது. அப்படியானால் அதுவும் வாடகை மாதிரி ஒரு மாதச் செலவுதான், பட்டியலில் அதற்கு ஒரு வரி வேண்டும். இதற்குக் குடும்பக் கையிருப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். தனி வங்கிக் கணக்கு, சம்பளம் வந்த மறுநாளே 6 தானாகப் போய்விட வேண்டும், சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால வைப்பிலோ இருக்கலாம், பங்குச் சந்தைப் பக்கமே போகக் கூடாது.

இப்போது 100-ஐத் திரும்பப் பிரித்தால் பெற்றோருக்கு 12, தானம் 5, குடும்பக் கையிருப்பு 6, ஓய்வுக்கால முதலீடு 20, சொந்தச் செலவு 57. முதலீடு 25-லிருந்து 20 ஆகிவிட்டதே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் இதுவரை உண்மையில் போய்க்கொண்டிருந்தது 19. இனிமேல் போவது தொடாத 20. சொந்தச் செலவில் 1 மட்டும் குறைத்திருக்கிறோம், அது முடியாத காரியம் இல்லை.

ஒரு நடைமுறைச் சிக்கல், கையிருப்பைத் தொடங்கிய இரண்டாவது மாதமே பெரிய செலவு வந்து நின்றால்? அதில் 12தான் இருக்கும். அதனால் முதல் போனஸோ, கைக்கு வரும் எந்தப் பெரிய தொகையோ, நேராக இதில் போடுங்கள். உங்கள் பட்டியலில் இருந்த பெரிய ஒற்றைச் செலவில் பாதி, அதாவது 48 அளவுக்கு ஆரம்ப இருப்பு இருந்தால் நிம்மதியாக நடத்தலாம். மேல் வரம்பும் வேண்டும். கையிருப்பு ஒரு மாதச் சம்பளத்தை, அதாவது 100-ஐத் தொட்டதும் அந்த 6-ஐ முதலீட்டுப் பக்கம் திருப்பிவிடுங்கள், இருப்பு குறைந்தால் மறுபடி நிரப்புங்கள். தம்பி படிப்பு முடிகிற மாதத்தையும் இப்போதே குறித்துவையுங்கள். 3 வருஷத்தில் 96 என்பது மாதத்துக்கு 2.7 ஆகிறது, அது விடுபட்டதும் அப்படியே முதலீட்டுக்குப் போக ஏற்பாடு செய்யாவிட்டால் அடுத்த சில மாதத்தில் வேறு ஏதோ செலவில் கரைந்துவிடும்.

இதையும் அவசரகால நிதியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவசரகால நிதி உங்கள் வருமானமே நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்கு. அதைக் கணக்கிடும்போது நிறையப் பேர் சொந்தச் செலவை மட்டும் வைத்துப் போட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு வேலை போனாலும் பெற்றோருக்குச் செலவு நிற்காது. அதனால் 57-உடன் 12-ஐயும் சேர்த்து 69, ஆறு மாதத்துக்கு 414. தானத்தை அதில் சேர்க்கத் தேவையில்லை, வருமானம் இல்லாத மாதத்தில் கொடுக்க முடியாது என்று அமைப்புகளுக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

இனி தானத்துக்கு வருவோம். 5 சதவீதத்தை நிறுத்தி முதலீடு செய்தால் அதே கணக்கில் 20 வருஷத்தில் சுமார் 1,830 சேரும், உங்கள் செலவுக்கு ஏறக்குறைய இரண்டேமுக்கால் வருஷத்துக்கு வரும். அது சின்னத் தொகை இல்லை, மறைக்க விரும்பவில்லை. அந்த விலை தெரிந்த பிறகும் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள், அது உங்கள் முடிவு. என்னைக் கேட்டால், தானத்தைவிட 57-இல் இன்னும் இரண்டு மூன்றைத் தேடுவது மேல், ஏனென்றால் அங்கே குறைப்பது இரண்டு விதத்தில் உதவும்: முதலீடு கூடும், ஓய்வுக்காலத்துக்குத் தேவையான தொகையும் குறையும்.

தானத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். 5-இல் 4-ஐ இரண்டு அமைப்புகளுக்கும் மாதாமாதம் கொடுத்துவிட்டு, 1-ஐத் தனியாகச் சேர்த்து வையுங்கள். வெள்ளம், நிலநடுக்கம் என்று செய்தி வரும்போதும் தெரிந்தவர் உதவி கேட்டு வரும்போதும் அதிலிருந்து யோசிக்காமல் கொடுக்கலாம். வருஷத்துக்கு 12, அது தீர்ந்தால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். உங்கள் நாட்டில் பதிவு பெற்ற அமைப்புகளுக்குக் கொடுப்பதற்கு வரிச் சலுகை இருந்தால் ரசீதை வாங்கி வைத்து, திரும்பி வரும் பணத்தை முதலீட்டில் சேர்த்துவிடுங்கள்.

பெற்றோருக்கு அனுப்பும் 12 எப்போதும் 12 ஆகவே இருக்காது, வயது ஏற ஏற மருத்துவச் செலவு கூடும். அது விலைவாசிக்கு மேல் வருஷம் 3 சதவீதம் ஏறினால் 10 வருஷத்தில் 16 ஆகிவிடும். அந்த 4 எங்கிருந்து வரும் என்று அப்போது யோசித்தால் மறுபடி முதலீட்டில்தான் கை வைப்பீர்கள். விலைவாசிக்கு மேல் சம்பள உயர்வு கிடைக்கும் ஒவ்வொரு முறையும், அந்தக் கூடுதலில் பாதியை முதலீட்டுக்கும் கால் பங்கைப் பெற்றோருக்கும் ஒதுக்கிவிட்டு, மீதிக் கால் பங்கை உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கான பங்கு உடனே தேவைப்படாவிட்டால் கையிருப்பில் கிடக்கட்டும். முதலீட்டில் குறைத்த 5-ஐ மீட்பதற்கும் இதுதான் வழி.

கையிருப்பைத் தாண்டிய தொகையை யாராவது கேட்டால், இருப்பதை இப்போது கொடுத்துவிட்டு மீதியை மாதம் 6 வீதம் தருகிறேன் என்று சொல்லலாம், இல்லாவிட்டால் கூடப் பிறந்தவர்களோடு பங்கு போடலாம். "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது" என்று சொல்வதைவிட "குடும்பத்துக்கென்று எடுத்து வைத்ததில் இவ்வளவு இருக்கிறது" என்று சொல்வது உங்களுக்கும் சுலபம், கேட்பவருக்கும் மனசு நோகாது. கைமாற்றாகக் கேட்டாலும் கொடுத்த அன்றே கையிருப்பிலிருந்து கழித்துவிடுங்கள். திரும்பி வந்தால் அங்கேயே சேரட்டும், அதை நம்பி வேறு எதையும் திட்டமிடாதீர்கள்.

கடைசியாக, பணமே கேட்காமல் ஜாமீன் கையெழுத்து மட்டும் கேட்டு வருபவர்கள் உண்டு. பணம் எதுவும் போகவில்லையே என்று அதை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை. ஆனால் வாங்கியவர் கட்டாவிட்டால் கடன் கொடுத்தவர் பாக்கியையும் வட்டியையும் கேட்டு உங்களிடம்தான் வருவார், அது 6-க்குள்ளும் அடங்காமல் போகலாம், 100-க்குள்ளும் அடங்காமல் போகலாம். முழுக் கடனையும் இன்றைக்கே குடும்பக் கையிருப்பிலிருந்து கட்டிவிட முடியும் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள், முடியாது என்றால் இருப்பதில் ஒரு பகுதியை உதவியாகவே கொடுத்துவிடுங்கள்.