மசால் வடைக்கு ஏர் ஃப்ரையர் வாங்கலாமா, தோசைக்கல்லே போதுமா?

கேள்வி: வீட்டில் நான்கு பேர். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாயங்காலம் மசால் வடை, பஜ்ஜி, உளுந்து வடை என்று ஏதாவது ஒன்று போடுவேன். எண்ணெயைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏர் ஃப்ரையர் வாங்கினால் உண்மையிலேயே பலன் இருக்குமா, அல்லது தோசைக்கல்லிலேயே சமாளிக்கலாமா?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றில் மசால் வடைக்கு மட்டும்தான் ஏர் ஃப்ரையர் நன்றாகக் கைகொடுக்கும். அதனால் அதையே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வாணலியில் 500 கிராம் எண்ணெய் ஊற்றி 20 வடை சுடுகிறீர்கள். ஆறியபின் மிச்சத்தை நிறுத்துப் பார்த்தால் 420 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போன 80 கிராமும் பெரும்பாலும் வடைக்குள்தான் இருக்கிறது, வடைக்கு 4 கிராம். அதே 20 வடையைத் தட்டையாகத் தட்டித் தோசைக்கல்லில் சுட எட்டு டீஸ்பூன், அதாவது சுமார் 36 கிராம் போதும். ஏர் ஃப்ரையரில் இரண்டு பக்கமும் தடவ மூன்று டீஸ்பூன், சுமார் 14 கிராம். உங்கள் வீட்டு அளவு கொஞ்சம் மாறும். ஒரு சமையலறைத் தராசு இருந்தால் நீங்களே ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடலாம்.

பெரிய குறைப்பு வாணலியிலிருந்து கல்லுக்கு வரும்போதே கிடைத்துவிடுகிறது, பாருங்கள். அதோடு பொரித்து மிஞ்சும் அந்த 420 கிராம் எண்ணெயும் ஒரு தொல்லை. கொட்ட மனம் வராமல் மறுநாள் தாளிப்புக்கும், அடுத்த வாரம் பஜ்ஜிக்கும் எடுப்போம். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெய் கெடும். கடைகளிலும் உணவகங்களிலும், கெட்டுப்போனதைக் காட்டும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க முடியாது. நிறம் கறுத்து, பிசுபிசுத்து, வழக்கத்தைவிடச் சீக்கிரமே புகை வந்தால் அந்த எண்ணெய் வேண்டாம். கல்லிலும் ஏர் ஃப்ரையரிலும் மிச்ச எண்ணெய் என்ற பேச்சே இல்லை.

கல்லில் சுடும்போது வெளியே சிவந்து நடுவில் பருப்பு வேகாமல் நிற்பதுதான் வழக்கமான குறை. கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். வடையை ஒரு செ.மீ. கனத்துக்கு மேல் தட்டாதீர்கள். தீ மிதமாக இருக்கட்டும், முதல் பக்கத்துக்கு மட்டும் மூடி போடுங்கள்.

ஏர் ஃப்ரையர் என்பது மேலே சூடேற்றும் கம்பியும் விசிறியும் வைத்த சின்ன ஓவன்தான். சூடான காற்று மாவின் ஈரத்தை இழுத்துவிடுவதால், எண்ணெயே தடவாத வடை வெள்ளை பூத்து, கடித்தால் மாவாக உதிரும். மாவிலேயே ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசைந்து, வெங்காயத்தைத் தாராளமாகச் சேர்த்து, மேலேயும் தடவி, 180 டிகிரியில் 15 நிமிடம், பாதியில் திருப்பிப் போட்டால் மொறுமொறுப்பாக வரும். பொரித்த வடையின் ருசி அப்படியே வராது, ஆனால் நன்றாகவே இருக்கும்.

பஜ்ஜிக்கு வாங்காதீர்கள். கரைத்த மாவு கெட்டியாவதற்குள் வழிந்து கூடையின் ஓட்டைகளில் இறங்கிவிடும். உளுந்து வடை மாவை பணியாரக் கல்லில் குழிக்குக் கால் டீஸ்பூன் எண்ணெய் விட்டுச் சுடுங்கள், உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். பஜ்ஜியை எப்போதாவது பொரியுங்கள், அன்றைக்கு எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் சூடு குறைந்தால் மேல்தோல் சட்டென்று இறுகாது, எண்ணெய் ஊறும். எடுத்தபின்னும் விட்டுவிடாதீர்கள். ஆற ஆற, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படும். சூட்டோடு கரண்டியிலேயே நன்றாக உதறி, உடனே காகிதத்தில் போட்டு ஒற்றியெடுங்கள்.

அதனால் முதலில் ஒரு மாதம் கல்லிலேயே மசால் வடை சுட்டுப் பாருங்கள். அடுப்படியில் நின்று திருப்பிக்கொண்டே இருப்பது சிரமமாகத் தெரிந்தால், கட்லெட், உருளைக்கிழங்கு வறுவல், மசாலா கடலையும் அடிக்கடி செய்பவர் என்றால், அப்போது ஏர் ஃப்ரையர் வாங்கலாம். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். வடையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது என்பதால் கூடையின் அடிப்பரப்புதான் முக்கியம். 4 லிட்டர் கூடையில் ஏழெட்டு வடைதான் ஒரு ஈடு, 20 வடைக்கு முக்கால் மணி நேரம் ஆகிவிடும். நான்கு பேருக்கு அகலமான சதுரக் கூடையாகப் பாருங்கள். பல மாடல்கள் 1,500 வாட் வரை இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் சூடேறும். அடுப்படியில் மிக்சி பக்கத்தில் 16 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கடைக்குப் போங்கள்.