தோப்பை விற்றுக் கிரீன் கார்டு: பத்திரத்தில் எவ்வளவு எழுதுவது?

கேள்வி: ஆனைமலைப் பக்கம் என் பேரில் 12 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்குதுங்க, அப்பா காலத்துப் பாகப்பிரிவினையில் வந்தது. அமெரிக்காவில் எச்-1பி-யில் இருக்கும் பையன், 8 லட்சம் டாலர் போட்டு இன்வெஸ்டர் விசா வாங்கணும்கிறான். தோப்புக்கு 9 கோடி பேசியாச்சு. வாங்குறவர் பத்திரத்தை 3 கோடிக்குப் போட்டு, மீதியை ரொக்கமாத் தர்றேன்கிறார். அட்வான்ஸ் 5 லட்சம் ரொக்கமா வாங்கிட்டேன். தோப்பையே பையன் பேருக்கு எழுதிக் கொடுத்து அவனே வித்தா அனுப்பறது சுலபம்னும் சொல்றாங்க. என்ன செய்யட்டும்?

பதில்: ஐயா, 3 கோடிக்குப் பத்திரம் போட்டால் பையனுக்கு இந்த விசா கிடைக்காதுங்க. மற்றதெல்லாம் அப்புறம்.

பையன் கேட்பது, முதலீடு போட்டுக் கிரீன் கார்டு வாங்கும் இபி-5 என்ற திட்டம். 2022 மார்ச்சில் வந்த சட்டப்படி, கிராமப்புறத்திலோ வேலையில்லாதோர் அதிகமுள்ள பகுதியிலோ போட்டால் 8 லட்சம் டாலர், மற்ற இடங்களில் 10 லட்சத்து 50 ஆயிரம். 2027 ஜனவரி 1 முதல் இந்தத் தொகை விலைவாசிக்கேற்ப மாறும். ஒவ்வொரு முதலீட்டுக்கும் குறைந்தது 10 முழுநேர வேலைகள் உருவாக வேண்டும். பலரின் முதலீட்டைச் சேர்த்துத் தொழிலில் போடும் ரீஜனல் சென்டர் வழியாகப் போட்டால் தொழில்திட்டத்தை அவர்களே தயாரித்து வைத்திருப்பார்கள். பையன் சொந்தமாகக் கடை போடுவதென்றால் திட்டத்தை அவரே எழுத வேண்டும். சந்தை நிலவரம், வாங்க வேண்டிய லைசென்ஸ், எந்த மாதம் எந்த வேலைக்கு எத்தனை ஆள், விற்பனைக் கணக்கு எதை வைத்துப் போட்டது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தப் பத்துப் பேரில் பையனோ அவர் மனைவி மக்களோ சேர மாட்டார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவருக்கு அது ஒத்து வராது, ரீஜனல் சென்டர்தான் சரி.

இனிப் பணம் வந்த வழி. பையனுக்கு நீங்கள் அன்பளிப்பாகக் கொடுக்கலாம், ஆனால் கொடுக்கிற உங்களுக்கு அது எப்படி வந்தது என்பதையும் அமெரிக்கக் குடியேற்றத் துறையினர் பார்ப்பார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, கிரயப் பத்திரம், அந்தத் தொகை உங்கள் கணக்கில் ஏறிய பாஸ்புக் பக்கம், எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்போடு போகும். விவசாய வருமானத்துக்கு நமக்கு வரி இல்லாததால் ரிட்டர்ன் மட்டும் போதாது, நிலத்தின் கதையை இந்தக் காகிதங்கள்தான் சொல்ல வேண்டும். பத்திரத்தில் ஒரு இனிஷியல், பட்டாவில் வேறு இனிஷியல் இருந்தால் இப்போதே சரி செய்துவிடுங்கள்.

பத்திரம் 3 கோடி என்றால் நிரூபிக்க முடிவது 3 கோடிதான். டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் அது 3 லட்சத்து 41 ஆயிரம் டாலர், பாதிகூட இல்லை. மீதி 6 கோடியை வேறு கணக்கில் கட்டி, கொப்பரை விற்ற காசு என்று சொல்லிவிடலாம் என்பார்கள். என்னிடம் வந்த ஒருவர் 40 லட்சத்துக்கு அப்படித்தான் செய்திருந்தார். எடைச்சீட்டுகளை வரிசையாக அடுக்கியபோது, பாதிச் சீட்டில் பணம் கட்டிய தேதிக்குப் பிந்தைய தேதி இருந்தது. அங்கிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, மனுவே தொங்கிப் போனது.

முழு 9 கோடிக்கும் பத்திரம் போடுவதில் உங்களுக்குச் செலவு அதிகமில்லை. கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்துக் கணக்கில் வராது, அதனால் விற்ற லாபத்துக்கு வரி இல்லை. நகராட்சி, பேரூராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டுத் தூரம், அங்குள்ள மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். தாசில்தாரிடம் தூரச் சான்று வாங்கி ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். வலிக்கப்போவது வாங்குகிறவருக்குத்தான். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கூடுதல் 6 கோடிக்கு 54 லட்சம் ஆகும். அவர் முரண்டு பிடிப்பதன் காரணமே இதுதான். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பேசுங்கள், ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பையன் பேருக்கு எழுதிக் கொடுக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி இங்கே விவசாய நிலத்தைத் தானமாகப் பெற முடியாது. வாரிசு முறையில் வந்தால் வைத்திருக்கலாம். பத்திரம் பதிவாகிவிடும், கோளாறு பிறகுதான் தெரியும். அங்கே ஒருவர் டாலர் கொடுப்பார், இங்கே அவர் ஆளிடம் ரூபாய் கொடுத்தால் போதும் என்று யாராவது வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். அது ஹவாலா.

அனுப்பும் வழி, இங்கே இருப்பவர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டம்தான். ஒருவருக்கு ஒரு நிதியாண்டுக்கு 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர். கிரயம் பிப்ரவரியில் முடிந்தால், வீட்டம்மாவுக்குப் பாதியை அன்பளிப்புப் பத்திரம் எழுதி வங்கி வழியாகக் கொடுங்கள். மார்ச் கடைசியில் இருவரும் தலைக்கு 2.5 லட்சம் டாலர், ஏப்ரல் பிறந்ததும் தலைக்கு 1.5 லட்சம், ஆக 8 லட்சம் பையன் கணக்குக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவத்தில் அன்பளிப்பு என்றே எழுதுங்கள்.

பலரும் கணக்கில் கோட்டை விடுவது, பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டி வசூலிக்கும் வரியான டிசிஎஸ்-ஸில். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் பிடித்துக் கட்டும். மார்ச்சில் தலைக்கு 2 கோடியே 20 லட்சம் ரூபாய் போகும், பிடிப்பு 42 லட்சம். ஏப்ரலில் 1 கோடியே 32 லட்சம், பிடிப்பு 24 லட்சத்து 40 ஆயிரம். இருவருக்கும் சேர்த்து 1 கோடியே 32 லட்சத்து 80 ஆயிரம். அனுப்பும் 7 கோடியே 4 லட்சத்தோடு சேர்த்தால் 8 கோடியே 37 லட்சம் கையில் இருக்க வேண்டும். இது செலவு இல்லை, ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வரும். ஆனால் ஏப்ரலில் பிடித்தது அடுத்த ஆண்டு ரிட்டர்னில்தான் வரும். வீட்டம்மாவுக்கும் பான் கார்டும் ரிட்டர்னும் கட்டாயம். ரீஜனல் சென்டருக்கு முதலீடு போக நிர்வாகக் கட்டணமும் உண்டு, பெரும்பாலும் 50 ஆயிரம் டாலருக்கு மேல். அதையும் வக்கீல் செலவையும் பையன் தன் சம்பளச் சேமிப்பிலிருந்து கட்டட்டும். அந்தப் பணத்துக்குச் சம்பளச் சீட்டே ஆதாரம், டிசிஎஸ்-ஸும் கிடையாது.

அந்த 5 லட்சம்தான் இப்போது அவசரம். நிலத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக, அட்வான்ஸாகக்கூட, வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. திருப்பிக் கொடுப்பதையும் ரொக்கமாகச் செய்யாதீர்கள், அதற்கும் அதே விதி. கணக்கில் கட்டி, ஆர்டிஜிஎஸ்-ஸில் அவருக்கு அனுப்பிவிட்டு, 9 கோடி என்று எழுதிய புது அக்ரிமென்ட்டில் அட்வான்ஸை வங்கி வழியாக வாங்குங்கள். ஏற்கெனவே ரொக்கம் வாங்கியதற்கு என்ன செய்வது என்று இந்த வாரமே ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள்.