நியூஸ்லெட்டர் ஃபார்ம், வெல்கம் மெயில்: இன்னிக்கு சாயங்காலம் கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

பதினோரு வருஷமா சின்ன கடைகளுக்கு வெப்சைட் பண்ணித் தர்றேன். ஃபார்ம்ல பேர் விழுறதுல இருந்து முதல் மெயில் போய்ச் சேர்ற வரைக்கும் உள்ள வழிதான் இன்னிக்கு பேச்சு. டிசைன், கலர், லோகோ எல்லாம் என்கிட்ட கேக்காதீங்க.

செக்கு எண்ணெய் கடை, காங்கேயம்: வேர்ட்பிரஸ்ல ஃபார்ம் போட்டாச்சு, மெயில் அனுப்பற சர்வீஸ் பிரேவோல கணக்கும் இருக்கு. மெயில் ஐடி கொடுத்தா 'நன்றி'ன்னு வருது, ஆனா வெல்கம் மெயில் யாருக்குமே போகல.

அந்த 'நன்றி'யை நம்பாதீங்கண்ணா. ஃபார்ம் தன் வேலையை முடிச்சுட்டேன்னு சொல்லுது, அவ்வளவுதான். வெப்சைட்டோட டேட்டாபேஸ்ல மட்டும் எழுதி வெச்சுட்டு பிரேவோ பக்கமே போகாம இருந்தாலும் அதே 'நன்றி'தான் வரும்.

வழியை நாலு இடமா பிரிச்சு எங்க நிக்குதுன்னு பாருங்க. முதல்ல ஃபார்ம் பிளகின், பிறகு பிரேவோல உள்ள லிஸ்ட், அதுக்கப்புறம் அந்த லிஸ்ட்டைப் பாத்துக்கிட்டு இருக்கற ஆட்டோமேஷன், கடைசியா மெயில் போய் விழுற இன்பாக்ஸ். இன்காக்னிட்டோ விண்டோ திறந்து, உங்க ஜிமெயில் பேருக்குப் பின்னாடி +test1 சேர்த்து, அதாவது `peyar+test1@gmail.com` மாதிரி ஒரு ஐடி கொடுங்க. மெயில் உங்க பழைய இன்பாக்ஸுக்கே வரும், ஆனா பிரேவோவுக்கு அது புது ஆள். ஒவ்வொரு தடவையும் நம்பரை மாத்துங்க, ஏன்னா ஒரே ஐடியை ரெண்டாவது தடவை கொடுத்தா அவர் ஏற்கனவே லிஸ்ட்ல இருக்கார்னு ஆட்டோமேஷன் கண்டுக்காது, நீங்க ரிப்பேர் பண்ணதே வேலை செய்யலன்னு நெனச்சு நல்லா இருந்ததையும் கலைச்சுப் போட்டுருவீங்க, நானே அப்படி ஒரு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கேன்.

லிஸ்ட்ல அந்த ஐடி வரவே இல்லன்னா ஃபார்ம் பிளகினுக்குள்ள பிரேவோ இணைப்பு ஆன்ல இருக்கா, ஏபிஐ கீ சரியா, எந்த லிஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கீங்கன்னு பாருங்க. லிஸ்ட்ல இருக்கு, மெயில் மட்டும் போகலன்னா ஆட்டோமேஷன் வேற லிஸ்ட்டைப் பாத்துக்கிட்டு இருக்கும், இல்ல ஆக்டிவேட் பண்ணாம டிராஃப்ட்லயே கிடக்கும். ரெண்டும் சரின்னா பிரேவோவோட லாக் பாருங்க, மெயில் போச்சா திரும்பிச்சான்னு அங்க இருக்கும். பாத்துட்டு வந்து சொல்லுங்க.

பொம்மை கடை, தஞ்சாவூர்: எங்க காண்டாக்ட் ஃபார்ம்ல கேக்கறவங்க மெயில் எனக்கு வரல.

அது வேற வியாதி. வெப்சைட் மெயிலை உங்க கணக்கு வழியா அனுப்பற எஸ்எம்டிபி பிளகின் ஒண்ணு போட்டு உங்க மெயில் கணக்கோட இணைங்க, சரியாகும்.

காங்கேயம் மறுபடி: லிஸ்ட்ல வந்துடுச்சு. உறுதி செய்யச் சொல்ற மெயில் போனதா லாக்ல இருக்கு, ஆனா ஸ்பேம்ல கிடக்கு. அனுப்புநரா கடையோட ஜிமெயில் ஐடி போட்டிருக்கேன்.

அதான் விஷயம். நீங்க டபுள் ஆப்ட்-இன் வெச்சிருக்கீங்க, உறுதி பண்ற லிங்க்கை அழுத்துனாதான் வெல்கம் மெயில் கிளம்பும். அந்த லிங்க்கே ஸ்பேம்ல கிடந்தா யார் அழுத்துவா?

ஜிமெயில் ஐடி ஏன் ஆகாதுன்னா, மெயிலை அனுப்பறது பிரேவோ சர்வர், மேல எழுதியிருக்கறது gmail.com. பிரேவோ தன் பேர்ல கையெழுத்து போடலாம், கூகுள் பேர்ல போட முடியாது. வாங்கற பக்கம் பாக்கறப்ப மேல உள்ள பேரும் கையெழுத்தும் பொருந்தலன்னா சந்தேகக் கேஸ். 2024 பிப்ரவரியில இருந்து கூகுளும் யாஹூவும் இதுல ரொம்பக் கறாரு. கடைக்கு டொமைன் இருக்கில்ல, அதுல ஒரு ஐடி போடுங்க, அப்புறம் பிரேவோ தர்ற, கையெழுத்தைச் சரிபாக்க உதவற டிகேஐஎம் ரெக்கார்டையும், பொருந்தலன்னா என்ன பண்ணணும்னு சொல்ற டிமார்க் ரெக்கார்டையும் டொமைன் வாங்குன இடத்துல டிஎன்எஸ்ல ஏத்துங்க. டிமார்க் ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும்:

```
_dmarc   TXT   v=DMARC1; p=none
```

ஏத்தும்போது ஒரு இடத்துல எல்லாரும் வழுக்குவாங்க. பிரேவோ ஹோஸ்ட் பேரை முழுசா `mail._domainkey.example.com`னு காட்டுனா அப்படியே காப்பி பண்ணி ஒட்டுவீங்க, நிறைய டிஎன்எஸ் பேனல் தானே டொமைனைக் கடைசில சேர்த்துக்கும், கடைசில `mail._domainkey.example.com.example.com`னு ஒண்ணு உக்காந்திருக்கும், பேனல்ல பாத்தா எல்லாம் சரியாவே தெரியும். example.com இடத்துல உங்க டொமைனைப் போட்டு கம்ப்யூட்டரோட கமாண்ட் விண்டோல இதை அடிச்சுப் பாருங்க, பதில் வரலன்னா அதான்:

```
nslookup -type=txt mail._domainkey.example.com
```

வெப் டிசைனர், சென்னை: இவ்வளவு எதுக்கு பாஸ், எஸ்பிஎஃப் ரெக்கார்டு ஒண்ணு புதுசா சேர்த்தா முடிஞ்சுது. நான் எல்லா கிளையண்ட்டுக்கும் அப்படித்தான் பண்றேன்.

பாதி சரி தம்பி, அந்த மீதிப் பாதி ஆபத்து. எஸ்பிஎஃப்ங்கறது எந்த சர்வர் உங்க டொமைன் பேர்ல அனுப்பலாம்னு சொல்ற வரி, ஒரு டொமைனுக்கு அது ஒண்ணுதான் இருக்கணும். ஏற்கனவே கூகுள் ஒர்க்ஸ்பேஸ்க்கு ஒண்ணு இருக்கறப்ப ரெண்டாவதை சேர்த்தா ரெண்டுமே செல்லாது, நியூஸ்லெட்டருக்காகப் போய் ஆபீஸ் மெயிலையும் கெடுத்துருவீங்க. சேர்த்தே ஆகணும்னா பழைய வரிக்குள்ளேயே இன்னொரு `include:` போடணும்.

அதைவிட முக்கியம், எஸ்பிஎஃப் பாக்கறது மேல தெரியற அனுப்புநர் பேரை இல்ல, மெயில் திரும்பி வந்தா போய்ச் சேர்ற முகவரியை. இந்த மாதிரி சர்வீஸ்கள்ல அது பெரும்பாலும் அவங்க டொமைனாத்தான் இருக்கும். அப்ப உங்க எஸ்பிஎஃப் வரியை யாரும் எட்டிக்கூட பாக்கறதில்ல, உங்க பேரைக் காப்பாத்தறது டிகேஐஎம் மட்டும்தான். நம்பலன்னா வந்த மெயிலை ஜிமெயில்ல திறந்து மூணு புள்ளியை அழுத்தி `Show original` பாருங்க, கீழ ஹெடர்ல `smtp.mailfrom=` பக்கத்துல யார் டொமைன் இருக்குன்னு தெரியும்.

சேலை கடை, சின்னாளப்பட்டி: ஜிமெயில் ஐடில இருந்தே அனுப்பலாமா?

ரெண்டு பதில் மேல போய் படிங்கம்மா.

தேன் விக்கிறேன், கொல்லிமலை: வெல்கம் மெயில் எத்தனை, எத்தனை நாள் இடைவெளி?

கணக்கு எதுவும் கிடையாது, கடை போன்ல என்ன கேள்வி வருதோ அதான் மெயில். காங்கேயம் அண்ணன் கடையையே எடுத்துக்கோங்க. சேந்த உடனே முதல் மெயில், சொன்ன கூப்பன் கோடு அதுல, வேற கதை வேண்டாம். ரெண்டு நாள் கழிச்சு, 'பாட்டில் அடியில மண்டி நிக்குதே கெட்டுப்போச்சா'ன்னு எல்லாரும் போன் பண்ணுவாங்க பாருங்க, அதுக்குப் பதில். வடிகட்டாத கடலெண்ணெய்ல மண்டி அடங்கும், மேலாக ஊத்திக்கோங்கன்னு ஒரு போட்டோவோட. அஞ்சாம் நாள் எதுக்கு நல்லெண்ணெய் எதுக்கு தேங்காயெண்ணெய். பன்னெண்டாம் நாள் கூப்பன் முடியுதுன்னு ஒரு ஞாபகம். போதும். தேனுக்கு உங்களுக்கே தெரியும், உறைஞ்சுபோன தேன் கலப்படமான்னுதான் முதல் கேள்வி.

ஆனா ஒண்ணு மறக்காதீங்க, வாங்கிட்டவரை அந்த வரிசையில இருந்து இறக்கி விடணும். ஆர்டர் வந்தா வெளியேத்துன்னு ஆட்டோமேஷன்ல ஒரு கண்டிஷன் போடுங்க. இல்லன்னா நேத்து முழு விலைக்கு அஞ்சு லிட்டர் வாங்குனவருக்கு இன்னிக்கு தள்ளுபடி ஞாபகம் போகும், அவர் போன் பண்ணி திட்டுவார், திட்டறதும் நியாயம்தான்.

பாத்திரக் கடை, கும்பகோணம்: பில் புக்ல இருந்து 640 பேர் மெயில் ஐடி எடுத்திருக்கோம், அந்த லிஸ்ட்லயே ஏத்திடலாமா?

வேண்டாம். எப்ப யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன், வேண்டாம். பில் போடக் கொடுத்த ஐடி, கடிதாசி போடக் கொடுத்ததில்ல. நாலு பேர் ஸ்பேம்னு அழுத்துனா மத்த மெயிலும் சேந்து பாதாளத்துக்குப் போகும், புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாதுன்னு கூகுள் சொல்லுது, அது ஆயிரத்துக்கு மூணே பேர். ஏற்கனவே சம்மதம் வாங்குனவங்களா இருந்தாலும் தனி லிஸ்ட்ல ஏத்துங்க. நான் ஒரு தடவை ஆட்டோமேஷனை நிறுத்தாம இம்போர்ட் கொடுத்துட்டேன், பத்து வருஷமா அந்தக் கடைக்கு வர்றவங்க எல்லாருக்கும் 'புதுசா எங்களோட சேந்ததுக்கு நன்றி'ன்னு போச்சு. ஓனர் மாமனாருக்கும் போச்சு.

வெப் டிசைனர் மறுபடி: டபுள் ஆப்ட்-இன்னே வேஸ்ட். லிங்க்கை அழுத்தாம நிறைய பேர் கழண்டுக்கறாங்க. நேரா சேத்துட வேண்டியதுதான்.

கழண்டுக்கறாங்க, ஒத்துக்கறேன். ஆனா திறந்து கிடக்கற ஃபார்ம்ல பாட்னு சொல்ற தானா ஓடற புரோகிராம் வந்து விளையாடும். யாரோ ஒருத்தரோட ஐடியை நூத்துக்கணக்கான ஃபார்ம்ல போட்டு அவர் இன்பாக்ஸை நெறைச்சுடுவாங்க, பேங்க்ல இருந்து வர்ற எச்சரிக்கை அதுக்குள்ள புதைஞ்சு போகணும்னு. அந்தக் கூத்துல உங்க கடையும் ஒரு ஆள்.

டியூஷன் சென்டர், மதுரை: எங்களுக்கு ஆச்சு சார் இது! ஒரே ராத்திரில எங்கெங்கயோ வெளிநாட்டு ஐடியா வந்து விழுந்துச்சு, நாங்க விளம்பரம் வொர்க் ஆகுதுன்னு கேக் வெட்டினோம்.

கேக் வெட்டுனது வீண் போகல மேடம், ஒரு பாடம் கிடைச்சுதே. கேப்ட்சா போடுங்க.

டிசைனர்: அதான் கேப்ட்சா இருக்கே, அப்புறம் எதுக்கு கன்ஃபர்ம்?

கேப்ட்சா அந்த பாட் புரோகிராமைத் தடுக்கும், `gmial.com`னு தப்பா அடிக்கற மனுஷனைத் தடுக்காது. நான் பண்றது இதுதான், உறுதி மெயில்ல 'உறுதி செய்க'ன்னு வறட்டுத்தனமா எழுதாம 'உங்க கூப்பனை எடுத்துக்கோங்க'ன்னு பட்டன் வெப்பேன், கூப்பனை நன்றி பக்கத்துல காட்டவே மாட்டேன். அழுத்தறவங்க கூடுனாங்க.

டிசைனர்: அதுக்கப்புறமும் அழுத்தாதவங்களை இழக்கறீங்களே. தப்பு ஐடி பவுன்ஸ் ஆனா தானா கழண்டுட்டுப் போகுது.

பவுன்ஸ் ஆகாம வேற யாருக்கோ போய்ச் சேந்தா? மாசம் முப்பது பேர் சேர்ற கடைக்கு நீங்க சொல்றது ஓடலாம், நான் மாட்டேன்.

ஜவுளி, ஈரோடு: நானும் கன்ஃபர்ம் வெச்சிருக்கேன், ஆனா ஓடிபி வாட்ஸ்அப்ல போகல.

அண்ணா நாம பேசறது மெயில் லிங்க்கைப் பத்தி. ஓடிபி கேட்டது உங்க செக்அவுட் பேஜ்.

ஐஸ்கிரீம் பார்லர், நாகர்கோவில்: ஜிமெயில் ஐடியே அனுப்புநரா...

கூடாது. கூடாது. கூடாது.

ஹோம்ஸ்டே, ஏற்காடு: எங்க மெயிலை நிறைய பேர் திறக்கறதா காட்டுது, ஆனா புக்கிங் இல்ல.

திறந்த கணக்கை விடுங்க. 2021ல இருந்து ஆப்பிள் மெயில் ஆள் படிக்கறதுக்கு முன்னாடியே படங்களை இறக்கி வெச்சுடுது, அதையும் திறந்ததா எண்ணிடும். எத்தனை பேர் லிங்க்கை அழுத்துனாங்க, எத்தனை பேர் பதில் எழுதுனாங்கன்னு பாருங்க.

காங்கேயம்: ரெக்கார்டு ஏத்திட்டேன், நீங்க சொன்ன மாதிரியே டொமைன் ரெண்டு தடவை உக்காந்திருந்துச்சு, திருத்தினேன். test7ல உறுதி மெயில் வந்துச்சு, அழுத்தினேன், ரெண்டு நிமிஷத்துல கூப்பன் வந்துச்சு. Show originalல மூணும் PASS. ஆனா ப்ரமோஷன்ஸ் டேப்ல விழுது.

நீங்க எண்ணெய் விக்கறீங்க, கூப்பன் அனுப்பறீங்க, அது ப்ரமோஷன்தானே அண்ணா. அங்கேயே இருக்கட்டும். வேணும்னா 'எந்த எண்ணெய் வாங்கறீங்க, பதில் போடுங்க'ன்னு முதல் மெயில்ல ஒரு வரி சேருங்க, பதில் எழுதுனவருக்கு அடுத்தது எங்க விழுதுன்னு பாத்து சொல்லுங்க. test1ல இருந்து test7 வரைக்கும் லிஸ்ட்ல இருந்து அழிச்சுடுங்க.