குழாய் உடையவில்லை, அம்மா

கேள்வி: ஆயர் ஈத்தாமில் மாமனார் விட்டுச்சென்ற வீட்டை ஏர்பிஎன்பி வழியாக விடுமுறை விருந்தினர்களுக்குத் தந்து வருகிறேன். ரத்து விதியாக Firm என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன் பிப்ரவரி இறுதியில் குடும்பத்தோடு அங்கே குடிவருகிறான். அதற்குள் சாயம் பூசி, தளவாடங்களை மாற்ற வேண்டும். இன்னும் இரண்டு பதிவுகள் உள்ளன: இருபது நாளில் தைப்பூசத்திற்கு வரும் ஈப்போ குடும்பம் (மூன்று இரவு, 900 ரிங்கிட்), மார்ச்சில் நான்கு இரவுக்கு ஒரு தம்பதி. குழாய் உடைந்துவிட்டதாகச் சொல்லி அவர்களையே ரத்து செய்யவைத்தால் நமக்கு அபராதம் வராது என்கிறான் மகன். எப்படி முறையாக மூடுவது?
- வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: முறையாக மூடுவது எளிது, அதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் மகன் சொன்ன யோசனையை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அது ஒன்றுதான்.

கணக்கைப் பாருங்கள். வருகைக்கு முப்பது நாளுக்கும் குறைவாகவும் 48 மணி நேரத்துக்கு மேலாகவும் இருக்கும்போது வீட்டுக்காரர் ரத்து செய்தால், பதிவுத் தொகையில் 25 விழுக்காடு அபராதம். உங்களுக்கு அது 225 ரிங்கிட். விருந்தினருக்கோ முழுத்தொகையும் திரும்பிவிடும். அதே நாளில் விருந்தினரே ரத்து செய்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த விதிப்படி அவருக்குப் பாதிதான் கிடைக்கும். ஆகவே, நீங்கள் 225 ரிங்கிட் கட்டாமல் தப்புவதற்காக, காவடி எடுக்க வருகிறவர்கள் 450 ரிங்கிட் இழக்க வேண்டும் என்பதுதான் அந்த யோசனை. தைப்பூச வாரத்தில் பினாங்கில் கடைசி நேரத்தில் குடும்பத்தோடு தங்க ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியாததா? மேலும், குழாய் உண்மையாகவே உடைந்திருந்தால் அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். ஆனால் படமும் பழுதுபார்த்த ரசீதும் காட்ட வேண்டியிருக்கும். விருந்தினரை ரத்து செய்யத் தூண்டுவது தளத்தின் விதிக்கே எதிரானது. நீங்கள் அனுப்பும் செய்தியே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும்.

வளர்ந்த மகன் அம்மாவுக்குப் பொய் சொல்லித் தருவதும், அம்மா அதை ஒரு வழியாக எண்ணி எழுதுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. மாமனார் வீட்டுக்கு வருகிறவர்களிடம் வாக்குக் கொடுத்தது நீங்கள். சாயம் பூசுவதைத் தைப்பூசம் முடிந்தபின் தொடங்குங்கள். மார்ச்சில் நான்கு இரவு மகன் குடும்பத்தோடு உங்கள் வீட்டிலேயே தங்கட்டும். பேரப்பிள்ளைகள் பாட்டி வீட்டில் தங்குவதில் யாருக்கு நட்டம்? அது முடியவே முடியாது என்றால், மார்ச் தம்பதியிடம் உண்மையைச் சொல்லி, வேறு தேதிக்கு மாற்றச் சம்மதம் கேளுங்கள். அதுவும் பிப்ரவரிக்குள் வரும் தேதியாக இருக்க வேண்டும். அவர்கள் மறுத்தால், முப்பது நாளுக்கு மேல் இருக்கும்போதே நீங்களே ரத்து செய்து 10 விழுக்காட்டைக் கட்டுங்கள். எந்த நிலையிலும் அபராதம் 50 அமெரிக்க டாலருக்குக் குறையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி மூடும் முறை. இன்றே பட்டியலின் நிலையை Unlisted என்று மாற்றுங்கள். அது தேடலில் தென்படாது, புதிய பதிவும் வராது, ஏற்கெனவே உள்ள இரண்டும் அப்படியே நிற்கும். பட்டியலையே நீக்கிவிடாதீர்கள், அது கடைசியில் செய்யும் வேலை. வேறு தளத்திலும் இதே வீடு இருந்தால் அங்கும் தனியாக மூட வேண்டும். நாள்காட்டிகளை இணைத்திருந்தாலும் மாற்றம் உடனுக்குடன் போய்ச் சேராது. இடைப்பட்ட நேரத்தில் ஒரு புதிய பதிவு விழுந்தால் மூன்றாவது குடும்பத்திற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டு விருந்தினர்களுக்கும் இந்த வாரமே எழுதுங்கள்: வீட்டை இனி வாடகைக்கு விடப்போவதில்லை, ஆனால் உங்கள் பதிவு உறுதியாக இருக்கிறது என்று. அவர்கள் வேறெங்காவது கேள்விப்பட்டுப் பயப்படுவதைவிட உங்களிடமிருந்து தெரிந்துகொள்வது நல்லது. படத்தில் காட்டிய கட்டிலும் குளிர்சாதனமும் துணி துவைக்கும் இயந்திரமும் மார்ச் தம்பதி கிளம்பும்வரை அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். மகன் குடிவருகிறான் என்று அவற்றில் ஒன்றைத் தூக்கினாலும், இல்லாததைக் காரணம் காட்டி அவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இணையச் சேவையையும் வீட்டைத் துப்புரவு செய்பவரையும் அதுவரை நிறுத்தாதீர்கள்.

கடைசி விருந்தினர் வெளியேறிய பிறகு 14 நாள் பொறுங்கள். விமர்சனம் எழுதவும், பொருள் சேதம் இருந்தால் ஈடு கோரவும் அந்த அவகாசம் உண்டு. வருமான அறிக்கைகளை இறக்கிக்கொள்ளுங்கள். வருமான வரிக்காக அவற்றை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பட்டியலை நீக்குங்கள். மகனுக்கு இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்; ஈப்போக்காரர்களுக்கு எழுத வேண்டிய செய்தியை அவனே எழுதட்டும்.